தக்காணத்து எரிமலைப் பாறையும் இந்தியாவின் பழைய இருப்பிடமும்



மகாராட்டிர மாநிலத்தில் மகாபலேசுவரம் என்னும் மலையூர் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து 18 பாகை வடக்கே உள்ளது. அம்மலையை அடுக்கடுக்காகக் கட்டியிருப்பது எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது உறைந்தபோது, அந்த நிலம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 29 பாகையில் இருந்தது என்று நிலவியலார் கூறுகின்றனர். அந்த எண்ணை அவர்கள் எங்கிருந்து பெற்றனர், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்றைய உரையின் பொருள்.

காந்த ஊசி என்றவுடன் வடக்கையும் தெற்கையும் காட்டி நிற்கும் திசைகாட்டியே நம் நினைவுக்கு வரும். அவ்வூசியை மேலும் கீழும் தடையின்றிச் சாயுமாறு தொங்கவிட்டால் அது இன்னொரு செய்தியையும் தரும். லண்டன் மாநகரில் அதன் வடமுனை கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 66 பாகை கீழ்நோக்கிச் சரியும். வடக்கே செல்லச் செல்லச் சரிவு கூடும். காந்த முனையில் ஊசி செங்குத்தாக நிற்கும். நிலநடுக்கோட்டை நோக்கி வரவரச் சரிவு குறையும். அதைக் கடந்து தெற்கே சென்றால் வடமுனை மேல்நோக்கி எழும். இதனைக் காந்தச் சரிவு என்கிறோம். ஊசி புவியியல் வடக்கிலிருந்து பக்கவாட்டில் விலகும் அளவு காந்த ஒதுக்கம் எனப்படும்.

புவியின் காந்தப் புலம், புவியின் மையத்தில் சுழல் அச்சின் வழியே வைக்கப்பட்ட ஒரு சட்டக் காந்தத்தின் புலத்தை ஒத்தது என்று கொண்டால், சரிவுக்கும் அட்சரேகைக்கும் எளிய தொடர்பு ஒன்று கிடைக்கிறது. சரிவை I என்றும் அட்சரேகையை λ என்றும் குறித்தால்,

tan I = 2 tan λ

என்பதே அத்தொடர்பு. 10 பாகை அட்சரேகையில் சரிவு ஏறத்தாழ 19 பாகை. 30 பாகையில் 49 பாகை. 60 பாகையில் 74 பாகை. ஆகவே, ஓரிடத்தில் பண்டைக் காலத்தில் காந்தச் சரிவு எவ்வளவு என்று தெரிந்தால், அக்காலத்தில் அவ்விடம் எந்த அட்சரேகையில் இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். பண்டைக் காலத்துச் சரிவைக் குறித்துவைத்தவர் எவரும் இல்லை. அதைக் குறித்துவைத்தது பாறை.

எரிமலைக் குழம்பு வெளிவரும்போது அதன் வெப்பநிலை ஏறத்தாழ 1100 பாகை செல்சியசு. அது ஆறி இறுகும்போது அதனுள் மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் நுண்ணிய படிகங்களாக உருவாகிறது. பாறையில் அதன் பங்கு சில விழுக்காடுதான். 580 பாகைக்கு மேல் மேக்னடைட்டில் நிலையான காந்தத் தன்மை இராது. அந்த எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். பாறை இறுகிய பின்னரும் சில நூறு பாகை வெப்பத்தோடு இருக்கிறது என்பதை இங்கு மனத்தில் கொள்ள வேண்டும். படிகம் திரும்புவதில்லை. அது பாறைக்குள் அசையாமல் கிடக்க, வெப்பநிலை 580 பாகைக்குக் கீழே இறங்கும்போது அதனுள் உள்ள காந்தத் தன்மை மட்டும் அப்போதைய புவிப் புலத்தின் திசையை ஏற்கிறது. மேலும் ஆறும்போது அத்திசை உறைந்துவிடுகிறது. பின்னர் அந்நிலம் எங்கே நகர்ந்தாலும், பாறை தான் ஆறிய நாளின் திசையைச் சுமந்துகொண்டே செல்லும்.

இம்முறை சரிவைத் தருகிறது; சரிவு அட்சரேகையைத் தருகிறது. தீர்க்கரேகையைத் தருவதில்லை. மையத்தில் நிற்கும் காந்தத்தின் புலம் கிழக்கு மேற்காக எங்கும் ஒன்றாகவே இருப்பதால், ஒரு கண்டம் ஒரே அட்சரேகையில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலும் சரிவு மாறாது. எனவே கண்டப் பெயர்ச்சி உண்மையா என்று இம்முறையால் சோதிக்க வேண்டுமானால், வடக்கு தெற்காக மிகுதியாக நகர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிலப்பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த எட்வர்ட் இர்விங் இதைத்தான் கருதினார். ஆல்ஃபிரட் வெகெனர் 1912ஆம் ஆண்டில் முன்வைத்த கண்டப் பெயர்ச்சிக் கருத்தைப் பெரும்பாலான நிலவியலார் அப்போது ஏற்கவில்லை. வெகெனர் கூறியபடி நோக்கினால், வடதிசையில் மிக நெடுந்தொலைவு நகர்ந்தது இந்தியா. அதனால் இந்தியாவின் பழைய எரிமலைப் பாறையே தக்க சோதனைப் பொருள் ஆயிற்று. புள்ளியியலறிஞர் ரொனால்டு ஃபிஷர் இதில் ஆர்வம் காட்டினார். தக்காணத்துப் பாறை மாதிரிகள் இந்தியாவிலிருந்து கேம்பிரிட்ஜை அடைந்தன. அளவீடு வெகெனரின் பக்கம் நின்றது. ஆயினும் 1954ஆம் ஆண்டில் இர்விங்கின் ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டில், லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் ஆகிய மூவரும் தக்காணப் பாறைகளை அளந்து இந்தியாவின் வடதிசைப் பெயர்ச்சியை வெளியிட்டனர். தொடர்ந்து பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் இராதாகிருஷ்ணமூர்த்தியும் சகஸ்ரபுத்தேயும் இப்பணியில் ஈடுபட்டனர்.

இனி, அளவீடு நடைபெறும் முறையைப் பார்ப்போம்.

முதற்பணி மாதிரி எடுத்தல். வைரப்பல் பொருத்திய சிறு துளையிடும் பொறியால், ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையாகப் பாறையைக் குடைவார்கள். பெயர்த்தெடுக்கும் முன்னர், உருளை எத்திசையை நோக்கி எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்வார்கள். இக்குறிப்பு இல்லாத மாதிரி பயனற்றது. காந்தம் ஏறிய எரிமலைப் பாறைக்கு அருகில் திசைகாட்டியே பிழைபடக்கூடும். ஆகையால் சூரியனின் நிழலைக் கொண்டும் திசையைச் சரிபார்ப்பர். இடி தாக்கிய பாறைமுகடுகளை ஒதுக்கிவிடுவர். மின்னலின் மின்னோட்டம் பாறையின் காந்தத் திசையை அடியோடு மாற்றிவிடும். ஓரடி இடைவெளியில் எடுத்த மாதிரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாத திசைகளைக் காட்டுவதே அதன் அடையாளம்.

அடுத்தது தூய்மைப்படுத்தல். பாறை ஆறிய நாளில் ஏற்ற காந்தத்தின் மேல், பின்னைய கோடிக்கணக்கான ஆண்டுகளின் புலம் மெல்லியதொரு பூச்சைப் பூசியிருக்கும். அது பெரும்பாலும் இன்றைய புலத்தின் திசையிலேயே இருக்கும். அதை நீக்காமல் அளந்தால், பழைய திசையும் புதிய திசையும் கலந்த பொருளற்ற ஒரு திசையே கிடைக்கும். ஆகவே மாதிரியை 100 பாகைக்குச் சூடேற்றி, புவியின் காந்தப் புலம் நுழையாதவாறு காக்கப்பட்ட அறையில் ஆறவிட்டு அளப்பர். பின்னர் 200, 300, 400 எனப் படிப்படியாகச் சூடேற்றி ஒவ்வொரு படியிலும் அளப்பர். உறுதியற்ற பூச்சு தாழ்ந்த வெப்பத்திலேயே கழன்றுவிடும். அதன்பின் ஒவ்வொரு படியிலும் வலிமை குறைந்துகொண்டே வர, திசை மட்டும் மாறாமல் நின்றால், அதுவே பாறை பிறந்தபோது ஏற்ற திசை என்று கொள்ளலாம். திசை கடைசிவரை அலைந்துகொண்டே இருந்தால் அம்மாதிரியைக் கைவிட வேண்டியதுதான்.

மூன்றாவது பணி சராசரி காணல். இதன் தேவையை விளங்கிக்கொள்ள நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. ஜொகூர் பாரு 1.5 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. மேலே கண்ட வாய்பாட்டின்படி இங்கே ஊசியின் வடமுனை 3 பாகை கீழ்நோக்கிச் சரிய வேண்டும். உண்மையில் அது ஏறத்தாழ 13 பாகை மேல்நோக்கி எழுகிறது. சரிவு சுழியாக இருக்கும் காந்த நடுக்கோடு, நம் பகுதியில் புவியின் நடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 8 பாகை வடக்கே, தாய்லாந்தின் தென்பகுதியை ஒட்டிச் செல்வதே காரணம். அதே கோடு தென்னிந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் சென்றதனால்தான், 1963ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தது. இன்று ஜொகூரில் ஓர் எரிமலை வெடித்து, குழம்பு உறைந்து, எதிர்கால ஆய்வாளர் ஒருவர் அந்த ஒரு பாறையை மட்டும் அளந்தார் என்று வைத்துக்கொள்வோம். 13 பாகையின் tan மதிப்பு 0.23; அதில் பாதி 0.115, அதற்குரிய கோணம் 6.6 பாகை. ஊசி மேல்நோக்கி எழுந்ததால், ஜொகூர் 6.6 பாகை தெற்கே இருந்தது என்று அவர் எழுதிவிடுவார். எட்டுப் பாகைப் பிழை. ஏறக்குறைய 900 கிலோமீட்டர். கருவியும் கணக்கும் பிழையற்றவை. எனினும் முடிவு பிழையானது.

இதற்குத் தீர்வு என்னவெனில், காந்த முனை நிலையாக ஓரிடத்தில் நிற்பதில்லை. புவியின் சுழல் அச்சைச் சுற்றி அலைந்துகொண்டே இருக்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளின் திசைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது சுழல் அச்சோடு பொருந்திவிடும். ஓர் எரிமலைக் குழம்பு அடுக்கு ஆறுவதற்குச் சில ஆண்டுகள் போதும். ஆகவே அது ஒரு கணத்தின் பதிவு மட்டுமே. வெவ்வேறு காலத்தில் உறைந்த பல அடுக்குகளை அளந்தால்தான் சராசரி கிடைக்கும். மகாபலேசுவரப் பகுதியில் ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட தடிப்பில் அடுக்குகள் கிடப்பதும், அவை பெரும்பாலும் சாயாமல் கிடைமட்டமாகவே இருப்பதும் தக்காணத்தின் பெரும் வாய்ப்பு. திசைகளை எண்களைப் போல் கூட்டி வகுக்க இயலாது. அவற்றை ஓர் உருண்டையின் மேல் நிற்கும் அம்புகளாகக் கருத வேண்டும். அதற்கான புள்ளியியலை வகுத்து 1953ஆம் ஆண்டில் வெளியிட்டவர் முன்னர் நாம் கண்ட ஃபிஷரே.

இப்போது கணக்கைப் போடலாம். தக்காணத்தின் கீழடுக்குகள் பலவற்றின் சராசரித் திசை இது: ஒதுக்கம் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் ஏறத்தாழ 155 பாகை, அதாவது தெற்குக்குச் சற்றுக் கிழக்கே, சரிவு கீழ்நோக்கி ஏறத்தாழ 48 பாகை. 48 பாகையின் tan மதிப்பு 1.11. அதில் பாதி 0.555. அதற்குரிய கோணம் 29 பாகை. ஆகவே அட்சரேகை 29. ஆனால் வடக்கா, தெற்கா?

இவ்வினாவுக்கு விடை காண்பதே இந்த ஆய்வின் கடினமான கட்டம். புவியின் காந்தப் புலம் அவ்வப்போது தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. கடைசியாகத் திரும்பியது ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். அதனால் மேற்கண்ட திசைக்கு இரண்டு விளக்கங்கள் இயலும். புலம் இன்றுபோலவே இருந்தது என்று கொண்டால், கீழ்நோக்கிய சரிவு வடகோளத்தைக் குறிக்கும்; இந்தியா 29 பாகை வடக்கே இருந்தது; பின்னர் ஏறக்குறைய முற்றிலும் திரும்பி, தலைகீழாக நிலைகொண்டது. புலம் தலைகீழாக இருந்தது என்று கொண்டால், திசையை எதிராகப் படிக்க வேண்டும்: ஒதுக்கம் 335 பாகை, சரிவு மேல்நோக்கி 48. அதன்படி இந்தியா 29 பாகை தெற்கே இருந்தது. பின்னர் வடக்கே நகர்ந்து, கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் 25 பாகை மட்டும் திரும்பியது. ஒரே கல், ஒரே அளவு, இரண்டு வரலாறுகள்.

இவ்விரண்டில் ஒன்றை அந்த ஒரு பாறையைக் கொண்டு மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. அதனினும் மூத்த பாறை ஒன்றைத் துணைக்கு அழைக்க வேண்டும். பீகாரை அடுத்த இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் ராஜ்மகால் குன்றுகளிலும் எரிமலைப் பாறை உண்டு. அதன் வயது ஏறத்தாழ 11 கோடியே 70 லட்சம் ஆண்டுகள். புவியின் புலம் நெடுங்காலம் தலைகீழாகத் திரும்பாமல் இன்றைய நிலையிலேயே இருந்த ஒரு காலப்பகுதியில் அது உறைந்தது. அதன் திசை வடமேற்கை நோக்கி, மேல்நோக்கி ஏறத்தாழ 64 பாகை. திருப்பிப் படிக்க வேண்டிய ஐயம் இங்கே இல்லை. மேல்நோக்கிய சரிவு தென்கோளத்தையே குறிக்கும். கணக்கிட்டால் 45 பாகைக்குச் சற்று மேற்பட்ட தென் அட்சரேகை கிடைக்கிறது. அங்கிருந்து 29 பாகை தெற்குக்கும், பின்னர் இன்றைய இடத்துக்கும் வந்தது என்பது ஒரு தொடர்ச்சியான பாதை. மற்றைய விளக்கத்தை ஏற்றால் இந்தியா 45 பாகைத் தெற்கிலிருந்து 29 பாகை வடக்குக்குப் பாய்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட பாகை சுழன்று, மீண்டும் எதிர்ச்சுற்றில் திரும்பியிருக்க வேண்டும். தக்காணத்தின் மேலடுக்குகளும் இம்முடிவுக்குத் துணை நிற்கின்றன. அவற்றின் திசை கீழடுக்குகளுக்கு ஏறக்குறைய நேர் எதிரானது. குழம்பு பெருகிய காலத்திலேயே புலம் திரும்பியிருக்கிறது. புதிய பூச்சு கலந்திருந்தால் இரு திசைகளும் ஒரே பக்கமாக இழுபட்டு, நேர் எதிராக இல்லாமற் போயிருக்கும். எதிர்மை பொருந்தியிருப்பது, தூய்மைப்படுத்தலும் சராசரியும் சரியாக நிகழ்ந்தன என்பதற்கு அடையாளம்.

29 பாகைத் தெற்கிலிருந்து 18 பாகை வடக்கு வரை 47 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். ஆக ஏறத்தாழ 5,200 கிலோமீட்டர். அதனை 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர். இது சராசரி மட்டுமே. ஆசியாவோடு மோதுவதற்கு முன் இந்தியா இதனினும் மிக விரைந்து நகர்ந்தது, மோதிய பின் வேகம் தணிந்தது. துல்லியத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். சரிவில் 3 பாகை ஐயம் இருந்தால் விடை 27 பாகைக்கும் 32 பாகைக்கும் இடையே எங்கும் இருக்கலாம். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் முன்பின். ஆகவே ஐயாயிரம் கிலோமீட்டர் பயணத்தை இம்முறை ஐயமற நிறுவும். நூறு கிலோமீட்டர் நகர்வைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இதே முறை நம் மலாயாத் தீபகற்பத்தில் எவ்வாறு அமைந்தது? 1974ஆம் ஆண்டில் மெக்எல்ஹினி, ஹெய்ல், குரோஃபோர்டு ஆகிய மூவர் இங்குள்ள பாறைகளின் காந்தத்தை அளந்து, மலாயாத் தீபகற்பம் கோண்டுவானா என்னும் தென்பெருங்கண்டத்தின் பகுதியாக இருந்ததில்லை என்று 'நேச்சர்' இதழில் எழுதினர். பின்வந்த சான்றுகள் அம்முடிவுக்கு எதிராயின. லங்காவித் தீவின் சிங்கா பாறையடுக்குகளில், மிதக்கும் பனிக்கட்டி சுமந்துவந்து கடலடிச் சேற்றில் உதிர்த்த கற்கள் காணப்படுகின்றன. குளிர்க்கடல் உயிரினங்களின் புதைபடிவங்களும் உள்ளன. தீபகற்பத்தின் மேற்குப் பகுதி கோண்டுவானாவின் விளிம்பிலிருந்து பிரிந்து வந்தது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

அப்படியானால் காந்தத்தை நம்பலாகாதா? இந்தியாவில் துணைநின்ற முறை இங்கே தடுமாறுவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. தக்காணப் பாறை உறைந்தபின் பெரும் வெப்பத்துக்கோ மடிப்புக்கோ உள்ளாகவில்லை. இங்கோ, தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் உருகிய நிலையில் மேலெழுந்தபோது சூழ்ந்திருந்த மூத்த பாறைகள் சூடேறின. மீண்டும் சூடேறி ஆறிய பாறை, தான் பிறந்த நாளின் திசையைத் துறந்து, இரண்டாம் முறை ஆறிய நாளின் திசையை ஏற்கும். படிப்படியாகச் சூடேற்றித் தூய்மைப்படுத்தினாலும் இதை நீக்க இயலாது. இது மெல்லிய பூச்சு அன்று, முழு மாற்றெழுத்து. தென்கிழக்கு ஆசியாவின் மூத்த பாறைகள் பலவற்றில் இத்தகைய மறுகாந்தமேற்றம் கண்டறியப்பட்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மடிப்புச் சோதனை என்னும் வழி உண்டு. மடிந்த பாறையடுக்கின் இரு சாய்வுகளிலும் மாதிரி எடுக்க வேண்டும். கணக்கில் மடிப்பை நிமிர்த்தினால் இரு பக்கத் திசைகளும் ஒன்றுபடுமாயின், காந்தம் மடிப்புக்கு முந்தியது. நிமிர்த்தும் முன்னரே ஒன்றுபட்டிருந்தால், காந்தம் மடிப்புக்குப் பின்னர் வந்தது. அதைக் கொண்டு பாறை பிறந்த காலத்து இடத்தைச் சொல்ல இயலாது.

நம் ஜொகூரிலும், சிகாமட் வட்டாரத்தில், ஏறத்தாழ 6 கோடி ஆண்டுப் பழைமையுள்ள எரிமலைப் பாறை இருக்கிறது. காலத்தால் அது தக்காணத்துக்கு நெருங்கியது. ஆனால் நம் வெயிலும் மழையும் அதைச் செம்மண்ணாக்கிவருகின்றன. மேக்னடைட் சிதைந்து துருவின் இனத்தைச் சேர்ந்த செந்நிறக் கனிமமாக மாறும்போது, அப்புதிய கனிமம் மாறிய காலத்துப் புலத்தையே ஏற்கும். எனவே இங்கே ஆய்வு செய்வோர் செம்மண்ணையும் பழுப்பேறிய மேற்பரப்பையும் விடுத்து, கல்லுடைக்கும் குழிகளில் வெளிப்படும் கரிய, சிதையாத பாறையைத் தேட வேண்டியிருக்கிறது.

மாணவர்களே, 29 பாகை தெற்கு என்னும் எண்ணை இனிப் பாடநூலில் காணும்போது அதன் பின்னால் உள்ளவற்றைக் கேளுங்கள்: எத்தனை அடுக்குகள் அளக்கப்பட்டன? பூச்சு நீக்கப்பட்டதா? வடக்கா தெற்கா என்பதை எந்தப் பாறை முடிவு செய்தது? பிறந்தபின் அந்தப் பாறை மீண்டும் சூடேறியதா? தக்காணம் இந்த நான்கு வினாக்களுக்கும் விடை வைத்திருக்கிறது. ஆகையால் அதன் சொல்லை ஏற்கிறோம். விடையில்லாத பாறையின் சரிவு வெறும் கோணம் மட்டுமே.